படத்தில் இருப்பது காணாமல்போன நாய்தானா? மாறாத அடையாளங்களை வைத்து முடிவு செய்வது எப்படி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது, வீட்டு நாய்கள் பல வெள்ளத்தில் பிரிந்துபோயின. அதற்கு அடுத்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: ஒரு செவலை நாய், நெஞ்சில் வெள்ளை, பாதங்களில் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை. "இது யாருடைய நாய்?" என்று கீழே ஒரு வரி. இப்படி ஒரு படத்துக்கு தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பமும் கொருக்குப்பேட்டையிலிருந்து இன்னொரு குடும்பமும் "எங்க நாய்தான்" என்று சொல்வது நடக்கக்கூடியதுதான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேர் கண்ணுக்கும் அது அவர்களுடைய நாயாகவே தெரிகிறது.

தவறான நாயைக் கூட்டிக்கொண்டு வந்தால், அந்த நாயை உண்மையில் தேடும் குடும்பம் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் நாய்க்கான தேடலும் அன்றோடு நின்றுவிடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எலும்பும் தோலுமாக நிற்கும் சொந்த நாயையே "நம்மது இப்படி இருக்காது" என்று தள்ளிவிடுவார்கள். இரண்டையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. முகச்சாயலையும் மொத்தத் தோற்றத்தையும் தள்ளிவைத்துவிட்டு, காலத்தால் மாறாத அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் அது.

வெள்ளை ஏன் எப்போதும் நெஞ்சிலும் பாதத்திலும்?

ஒப்பீட்டுக்குள் போகும் முன், நாயின் உடம்பில் வெள்ளை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதில்தான் நிற்கின்றன.

முடிக்கு நிறம் கொடுப்பவை நிறமி செல்கள். தாயின் வயிற்றில் குட்டி உருவாகும்போது இவை முதுகுத்தண்டு உருவாகும் கோட்டின் ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்து, வயிறு, நெஞ்சு, கால்விரல், வால் நுனி என்று பரவுகின்றன. சில நாய்களில் இந்தச் செல்கள் குறைவாக இருக்கும், அல்லது மெதுவாக நகரும். பந்தியில் கடைசி இலைக்கு வருவதற்குள் பாயசம் தீர்ந்துபோவது மாதிரி, தொலைவில் இருக்கும் இடங்களுக்கு நிறம் போய்ச் சேராது. அந்த இடங்கள் வெள்ளையாகவே நின்றுவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன.

1. நெஞ்சு, பாதம், வால் நுனி ஆகிய மூன்றும் சேர்ந்து வெள்ளையாக இருப்பது மிகச் சாதாரணம். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. ஆகவே "நெஞ்சும் ஒத்துப்போகுது, காலும் ஒத்துப்போகுது, வாலும் ஒத்துப்போகுது" என்று மூன்று ஒற்றுமையாக எண்ணக்கூடாது. அது ஏறக்குறைய ஒரே ஒற்றுமைதான். நம் தெருக்களில் எத்தனையோ நாய்களுக்கு அது பொருந்தும்.

2. ஆனால் அந்த வெள்ளையின் ஓரம் எங்கே வளைகிறது, எங்கே கூராக ஏறுகிறது, நடுவில் நிறப் பொட்டு எங்கே தங்கிவிட்டது என்பதெல்லாம் செல்கள் நகர்ந்த அந்த நேரத்தின் தற்செயல். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிடம்கூட இது வேறுபடும்.

இரண்டாவதற்கு நல்ல சாட்சி ஒரு பூனை. 2001 டிசம்பரில் அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குளோனிங் முறையில் முதல் பூனைக்குட்டி பிறந்தது. அதற்கு சிசி என்று பெயர். யாருடைய செல்லிலிருந்து அது உருவாக்கப்பட்டதோ அந்தப் பூனையின் மரபணுதான் இதற்கும். ஆனாலும் இரண்டின் நிறமும் வெள்ளைப் பகுதிகளின் அமைப்பும் வேறாக இருந்தன. ஒரே மரபணு இருந்தே மறை, அதாவது உடம்பில் உள்ள நிறத் திட்டுகளின் அமைப்பு, ஒத்துவரவில்லை என்றால், இரண்டு வெவ்வேறு தெருநாய்களின் நெஞ்சு வெள்ளை வளைவுக்கு வளைவு ஒத்துவருவது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, "வெள்ளை இருக்கிறதா" என்ற கேள்வியால் பெரிதாகப் பயனில்லை. வெள்ளையின் எல்லை எப்படிப் போகிறது என்பதுதான் கேட்கவேண்டியது.

மாறுவது, மாறாதது, ஒரே திசையில் மட்டும் மாறுவது

தொலைந்த நாயின் பழைய படத்துக்கும் கிடைத்த நாயின் படத்துக்கும் இடையே எப்போதும் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாடு எந்த வகை என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுகிறது.

1. தாராளமாக மாறக்கூடியவை: உடல் எடை, முடியின் பளபளப்பு, கழுத்துப்பட்டை, காதை வைத்திருக்கும் விதம், வாலை வைத்திருக்கும் விதம், முகபாவம். பயந்த நாய் காதை மடக்கி வாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது முகமே வேறாகத் தெரியும். இந்த வகையில் ஒற்றுமை இருந்தாலும் வேற்றுமை இருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள். கழுத்துப்பட்டையை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ஒரே சிவப்புப் பட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

2. மாறாதவை: வளர்ந்த நாயின் வெள்ளைப் பகுதிகளின் எல்லை, தனிப் பொட்டுகள், நகங்களின் நிறம், பாதத்தின் அடியில் உள்ள மெத்தைகளின் நிறம். வெள்ளை விரலில் நகம் பெரும்பாலும் வெளிறி இருக்கும், நிற விரலில் கறுத்திருக்கும். எந்த விரலில் எந்த நகம் என்ற வரிசை நல்ல அடையாளம்.

3. ஒரே திசையில் மட்டும் மாறுபவை: இங்குதான் யோசிக்க வேண்டும். காது கிழியலாம், கிழிந்த காது மறுபடி முழுசாகாது. ஆண் நாய்க்குக் கருத்தடை செய்யலாம், செய்ததை மாற்ற முடியாது. மாநகராட்சியின் கருத்தடைத் திட்டத்தில் பிடிக்கப்படும் தெருநாய்களுக்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு போடுவார்கள். பட்டை கழன்று திரிந்த வீட்டு நாயும் அந்த வண்டியில் ஏறிவிட வாய்ப்பிருக்கிறது. அதனால் பழைய படத்தில் முழுக் காதும் புதுப் படத்தில் வெட்டுக் காதும் இருந்தால், நாய் வேறு என்று சொல்லிவிட முடியாது. பழைய படத்தில் வெட்டு இருந்து புதுப் படத்தில் அதே காது முழுசாக இருந்தால், அது வேறு நாய்.

நிறத்துக்கும் இப்படி ஒரு திசை உண்டு. ஆழமான புண் ஆறிய இடத்தில் சிலசமயம் முடி வெள்ளையாக முளைக்கும். வயதானால் முகவாய் நரைக்கும். அதாவது நிறம் இருந்த இடம் வெள்ளையாக மாறலாம். ஆனால் வளர்ந்த நாயின் பிறவி வெள்ளையில் நிறமி செல்களே கிடையாது. அந்த இடம் திடீரென்று செவலை முடியால் மூடிக்கொள்ளாது. பழைய படத்தில் வெள்ளையாக இருந்த அகலமான பகுதி புதுப் படத்தில் சுத்தமான செவலையாக இருந்தால், மற்ற எல்லாம் ஒத்துப்போனாலும் அது உங்கள் நாய் இல்லை.

குட்டிப் பருவம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பிறந்த சில மாதங்களில் நெற்றிச் சுட்டி போன்ற வெள்ளைக் கோடுகள் ஒடுங்கலாம். வெள்ளைப் பகுதிக்குள் சிறு சிறு புள்ளிகள் பிறகு முளைப்பதும் உண்டு. டால்மேஷன் குட்டிகள் புள்ளி இல்லாமலே பிறக்கின்றன, புள்ளிகள் சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதனால் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் படம் நாய் வளர்ந்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். மிக அழகான படம் குட்டியாக இருந்தபோது எடுத்ததுதான் என்பதால் பலர் அதையே போடுகிறார்கள். அது வேண்டாம்.

படமே பொய் சொல்லும் இடங்கள்

அடையாளம் மாறாவிட்டாலும் படம் அதை மாற்றிக் காட்டும். "வேறு நாய்" என்று தீர்ப்புச் சொல்லும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்.

1. இடவலம். செல்ஃபி கேமரா பல போன்களில் கண்ணாடி போலப் புரட்டியே படத்தைச் சேமிக்கும். நாயின் இடது தோளில் உள்ள வெள்ளை வலது தோளில் தெரியும். படத்தில் ஏதாவது எழுத்து இருக்கிறதா பாருங்கள்: சட்டையில், சுவர் விளம்பரத்தில், காலண்டரில். எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் படமும் திரும்பியிருக்கிறது. எழுத்தே இல்லையென்றால், அதே நாளில் பின் கேமராவில் எடுத்த இன்னொரு படத்தைத் தேடுங்கள். அப்புறம், இடது வலது என்று எழுதும்போது எப்போதும் நாயின் இடது வலதையே எழுத வேண்டும். பார்ப்பவரின் இடது வலதை எழுதினால் குழப்பம்தான்.

2. கோணமும் தூரமும். போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு நீளும், உடம்பு சிறுக்கும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகும். அதனால் "காலில் பாதி வரைக்கும் வெள்ளை" என்று அளப்பதில் பயனில்லை. உடம்பில் நகராத இடங்களை வைத்து அளக்க வேண்டும். முன்னங்காலின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் தனியாக ஒரு நகம் இருக்கும். வெள்ளை அந்த நகத்துக்கு மேலே போகிறதா, கீழேயே நின்றுவிடுகிறதா? இந்தக் கேள்விக்கு எந்தக் கோணத்தில் எடுத்தாலும் ஒரே பதில்தான். நெஞ்சுக்கும் இதே மாதிரிதான். நாய் இளைத்தால் தோல் தொய்ந்து வெள்ளையின் வடிவம் சற்று நெளியும், ஆனால் நடுவில் உள்ள பொட்டு ஓரத்தைத் தொடுகிறதா, தனியாக நிற்கிறதா என்பது மாறாது. வடிவத்தைவிட, தொடுகிறதா தொடவில்லையா, எத்தனை என்ற கேள்விகள் நம்பகமானவை.

3. வெளிச்சமும் கறையும். இரவில் மஞ்சள் விளக்கடியில் எடுத்தால் வெள்ளை பழுப்பாகத் தெரியும், செவலை கறுப்பாகத் தெரியும். காயத்துக்கு மஞ்சள் தடவியிருந்தால் வெள்ளை முடி மஞ்சளாகும். கால்நடை மருத்துவமனையில் போடும் ஊதா மருந்து கருநீலமாகத் தெரியும். 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரப் பகுதிக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்தது. வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் கரும்படலம் ஒட்டியது, பறவைகளின் இறகிலும் ஒட்டியது. அந்தத் தண்ணீரில் நடந்த நாயின் வெள்ளைக் கால் கறுப்புக் காலாகிவிடும்.

கறையையும் பிறவி நிறத்தையும் பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கறை முடியின் நுனியில் அதிகமாகவும் அடியில் குறைவாகவும் இருக்கும். முடிகளைக் கற்றை கற்றையாக ஒட்ட வைத்திருக்கும். முடியை விரலால் பிரித்தால் அடியில் வெள்ளை தெரியும். பிறவிப் பொட்டில் நிறம் வேர் வரை ஓடும். பொட்டுக்கு அடியில் உள்ள தோலும் பெரும்பாலும் கருமை கலந்திருக்கும், வெள்ளை முடியின் அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். படத்தில் இது தெரியாது. நாயை வைத்திருப்பவரிடம் முடியைப் பிரித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஒரு நாய், இரண்டு படங்கள்

இதுவரை சொன்னவை ஒன்றாகச் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்ட, விளக்கத்துக்காக அமைத்த ஓர் உதாரணம்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு நாய், பெயர் ராஜா. ஆண், செவலை. டிசம்பர் மழையில் காணாமல் போகிறது. மூன்று வாரத்தில் இரண்டு படங்கள் வருகின்றன. காசிமேட்டிலிருந்து ஒன்று: கொழுகொழுவென்று, சிவப்புப் பட்டையோடு, நேராக கேமராவைப் பார்த்து நிற்கும் செவலை நாய். எர்ணாவூரிலிருந்து இன்னொன்று: ஒரு திண்ணையில் ஒடுங்கி நிற்கும் நாய், விலா எலும்பு தெரிகிறது, பட்டை இல்லை, நான்கு காலும் கறுப்பு, இடுப்பில் மஞ்சள் நிறமாக ஏதோ. வீட்டில் எல்லோரும் முதல் படத்தைப் பார்த்து ஓடத் தயாராகிறார்கள். ராஜாவுக்கும் சிவப்புப் பட்டைதான்.

ஓடும் முன், வந்த படங்களை மூடிவைத்துவிட்டு, ராஜாவின் பழைய படங்களிலிருந்து மட்டும் பட்டியல் எழுத வேண்டும். வந்த படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால், அதில் இருப்பதைத்தான் நினைவு எழுதிக் கொடுக்கும். ராஜாவின் பட்டியல் இது:

1. நெஞ்சு வெள்ளை. அதன் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு செவலைப் பொட்டு, எந்த ஓரத்தையும் தொடாமல்.
2. நெஞ்சு வெள்ளை இடது தோள் மீது கூராக ஏறுகிறது. வலப்பக்கம் அப்படி ஏறவில்லை.
3. முன் இடது காலில் வெள்ளை தனி நகத்துக்கு மேலே வரை. முன் வலது காலில் விரல்களோடு சரி.
4. நெற்றிச் சுட்டி மெல்லிய கோடு, நடுவில் ஓர் இடத்தில் அறுந்து, மூக்கு வரை வராது.
5. வலது காது ஓரத்தில் பழைய கிழிசல்.
6. வால் நுனி வெள்ளை.

இரண்டாவது குறிப்பில் ஒரு சிக்கல். வீட்டுப் பையன் எடுத்த செல்ஃபியில் கூரான வெள்ளை வலது தோளில் தெரிகிறது. பொங்கலன்று வாசலில் வேறொருவர் எடுத்த படத்தில் இடது தோளில். செல்ஃபியில் பையனின் சட்டை எழுத்து திரும்பியிருக்கிறது. அதனால் பொங்கல் படம்தான் சரி.

இப்போது காசிமேட்டுப் படம். பகல் வெளிச்சம், நெஞ்சு முழுக்கத் தெரிகிறது. நெஞ்சு வெள்ளை, பாதம் வெள்ளை, வால் நுனி வெள்ளை. இவை மூன்றும் சேர்ந்து ஒரே பலவீனமான ஒற்றுமை. நடுப் பொட்டு இல்லை. இது மட்டுமே இருந்தால் அடித்துச் சொல்ல முடியாது, புண்பட்டு அந்த இடம் வெள்ளையாகியிருக்கலாம் என்று வாதிடலாம். நெற்றிக்கோடு அறுபடாமல் மூக்கு வரை வருகிறது. இதற்கும் இழுத்துப் பிடித்து ஒரு காயத்தைக் காரணம் சொல்லலாம். ஆனால் இடது தோளில் கூரான வெள்ளை இல்லை. அங்கே சுத்தமான செவலை. படம் புரட்டப்பட்டிருக்குமோ என்று வலது தோளையும் பார்த்தாயிற்று, அங்கேயும் இல்லை. வெள்ளை செவலையாக மாற வழியில்லை. காசிமேட்டு நாய் ராஜா இல்லை. பட்டை, எடை, முகக்களை எல்லாம் ஒத்துப்போயும் இந்த ஒன்று போதும் மறுப்பதற்கு.

அடுத்து எர்ணாவூர்ப் படம். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ஒத்துப்போகிறது, முரண்படுகிறது, தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். பெரும்பாலோர் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். கால்கள் கறுப்பாக இருப்பதால் "ராஜாவுக்கு வெள்ளைக் கால், இது வேற" என்பார்கள். கறை மூடிய கால் முரண்பாடு ஆகாது. அது தெரியவில்லை என்ற பத்தியில்தான் வரும். வால் உள்ளே இழுத்திருக்கிறது: தெரியவில்லை. தலை திரும்பியிருப்பதால் வலது காது: தெரியவில்லை. நெஞ்சில் பல கறுப்புத் திட்டுகள், அதில் ஒன்று பொட்டு இருக்க வேண்டிய இடத்தில்: தெரியவில்லை. இடது தோளில் கூரான வெள்ளை, அழுக்காக, ஆனால் ஓரம் தெளிவாக: ஒத்துப்போகிறது. நெற்றிக்கோடு அறுந்திருக்கிறது: ஒத்துப்போகிறது. முரண்பாடு எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்தில் "ராஜாதான்" என்று சொல்ல முடியாது. ஆனால் "இல்லை" என்று சொல்லவும் ஒரு காரணமும் இல்லை. எனவே தெரியாதவற்றைத் தெரியவைக்க வேண்டும். நாயை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியவை:

1. நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, பகல் வெளிச்சத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு படம். ஃப்ளாஷ் வேண்டாம்.
2. நெஞ்சுப் பொட்டின் மேல் முடியைப் பிரித்து ஒரு படம்.
3. சின்ன வீடியோ ஒன்று. நாய் தலையைத் திருப்பும்போது இரண்டு காதும் வந்துவிடும்.
4. கழுவிய பிறகு முன்னங்கால்கள். எண்ணெய்க் கறை வெறும் தண்ணீரில் போகாது, பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, வாய்க்குள் கண்ணுக்குள் போகாமல், நன்றாக அலசிவிட வேண்டும். மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கக் கூடாது, நாய் நக்கினால் விஷம்.
5. முடிந்தால் அசல் படங்களை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், சின்னப் பொட்டெல்லாம் கலங்கிப்போகும்.

பதில் வருகிறது. முடியைப் பிரித்த படத்தில் மற்ற திட்டுகளின் அடியில் வெள்ளை, ஒன்றில் மட்டும் வேர்வரை செவலை. அது நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், ஓரத்தைத் தொடாமல் இருக்கிறது. வீடியோவில் வலது காது ஓரம் கிழிந்திருக்கிறது. இடுப்பு மஞ்சள், புண்ணுக்குத் தடவியது.

மீதி இருந்த கால்கள்

கால்களின் படம் மட்டும் இன்னும் வரவில்லை. எர்ணாவூரில் நாயை வைத்திருப்பவர் விவரமானவராக இருந்தால், அதை உடனே அனுப்பமாட்டார். குழுவில் சுற்றிய படத்தில் கால்கள் எண்ணெயில் மறைந்திருந்தன. ஆகவே கழுவிய கால்களில் வெள்ளை எவ்வளவு உயரம் என்று அவருக்கும் உண்மையான குடும்பத்துக்கும் மட்டும்தான் தெரியும். "முன்னங்கால் ரெண்டும் எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று கேட்டால் போதும். "இடது காலில் மேலே உள்ள நகத்தைத் தாண்டி வெள்ளை, வலதில் விரலோடு சரி" என்று குடும்பம் சொல்ல, கையில் உள்ள கால்களும் அப்படியே இருந்தால், சந்தேகத்துக்கு இடமில்லை.

நாயைக் கண்டெடுப்பவர்கள் எல்லோரும் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படம் போடும்போது ஏதாவது ஓர் அடையாளத்தை வெளியே காட்டாமல் வைத்திருங்கள்: வயிற்றுப் பொட்டு, பாத மெத்தையின் நிறம், ஒரு காதின் உட்பக்கம். எல்லாவற்றையும் படமாகப் போட்டுவிட்டால், யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து எழுதி வந்து உரிமை கேட்கலாம். ஜாதி நாயாக இருந்தால் விற்பதற்காகவே வருபவர்கள் உண்டு. தொலைத்தவர்களும் அப்படியே: "காணவில்லை" அறிவிப்பில் எல்லா அடையாளத்தையும் அடுக்காமல் ஒன்றை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை ஒத்துப்போனால் போதும்?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை முக்கியமில்லை. உங்கள் தெருவில் அந்த அடையாளம் வேறு எந்த நாய்க்காவது இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு வெள்ளை பாதி நாய்களுக்கு இருக்கிறது என்றால் அதன் எடை குறைவு. நெஞ்சு வெள்ளைக்குள் தனிப் பொட்டு இருக்கும் நாய் தெருவிலேயே வேறு இல்லை என்றால், அந்த ஒன்றுக்கு எடை அதிகம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத அபூர்வ அடையாளங்கள் இரண்டு மூன்று சேர வேண்டும், முரண்பாடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ராஜாவுக்கு நெஞ்சுப் பொட்டு பிறவியில் வந்தது, காதுக் கிழிசல் ஏதோ ஒரு சண்டையில் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. அதனால்தான் இரண்டும் ஒரே நாயில் சேர்ந்திருப்பதற்கு இவ்வளவு மதிப்பு.

மறையே இல்லாத நாய் என்றால்?

இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது: உடம்பு முழுக்க ஒரே நிறம். முழுக்கறுப்பு நாய், முழுச்செவலை நாய், வெள்ளை நாய். ஒப்பிட எல்லையே இல்லை. கறுப்பு நாயில் இன்னொரு தொல்லை, மாதக்கணக்கில் வெயிலில் அலைந்தால் முடி செம்பட்டை அடிக்கும். "எங்க நாய் கருகருன்னு இருக்கும்" என்பது மறுப்புக்குக் காரணமாகாது.

இங்கே முடியை விட்டுவிட்டு வேறு இடங்களுக்குப் போக வேண்டும். முதலில் நகங்களையும் பாத மெத்தைகளையும் பாருங்கள். முழுக்கறுப்பு நாய்க்கும் ஒரு விரலில் மட்டும் வெளிறிய நகம் இருக்கக்கூடும். அடுத்து காது ஓரங்கள், பழைய தழும்புகள், உடைந்த பல். இவையும் போதவில்லை என்றால் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாயை அருகில் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அரிசி அளவில், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைக்கப்படும் கருவி அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, படத்திலும் தெரியாது. ஸ்கேனர் காட்டுவது 15 இலக்க எண் ஒன்றை மட்டும். அந்த எண் உங்கள் பெயரிலும் இப்போதைய கைபேசி எண்ணிலும் பதிவாகியிருந்தால்தான் அது பயன்படும். சிப் வைத்த பிறகு கைபேசி எண்ணை மாற்றியவர்கள் பதிவையும் மாற்றிவிட வேண்டும்.

சிப் இல்லாத ஒரே நிற நாய் வீட்டில் இருக்கிறது என்றால், இன்றைக்கே ஐந்து படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின் கேமராவில், நிழலான பகல் வெளிச்சத்தில்: இடப்பக்கம், வலப்பக்கம், நெஞ்சு, நான்கு பாதங்களையும் தூக்கி அடிப்பக்கம், கடைசியாக மூக்கு. நாயின் மூக்குத் தோலில் உள்ள மேடு பள்ளங்கள் நாய்க்கு நாய் வேறு, கனடாவின் கென்னல் கிளப் 1938லிருந்தே மூக்கு ரேகையை அடையாளமாக ஏற்றிருக்கிறது. மூக்கை ஒரு துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு எடுத்தால் பளபளப்பு இல்லாமல் கோடுகள் தெளியும். தூரத்திலிருந்து ஜூம் செய்யாமல் கிட்டே போய், மூக்கு மட்டும் படம் முழுக்க நிறையும்படி, அசையாமல் எடுக்க வேண்டும். நாயைக் கண்டெடுத்தவரும் அதே மாதிரி ஒன்று எடுத்து அனுப்பினால்தான் ஒப்பிட முடியும், சாதாரணமாக எடுத்து அனுப்பும் படத்தில் மூக்கு ஒரு கறுப்புத் திட்டாக மட்டும்தான் இருக்கும்.